வீட்டைச் சீக்கிரம் காலி செய்யச் சொன்னபோது

சென்னையில் 11 மாத வாடகை ஒப்பந்தம், முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. மகன் குடிவருவதாகச் சொல்லி, மாதக் கடைசிக்குள் காலி செய்யும்படி ஓனர் போனில் கேட்டார். நேரில் பேசியும் பலனில்லை. புரோக்கரை நடுவில் விட்டதும் வீணானது, அவர் புதிய வீடு காட்டுவதிலேயே குறியாக இருந்தார்.

அப்புறம் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தேன். இரு தரப்பும் இரண்டு மாத நோட்டீஸ் 'எழுத்து மூலம்' தர வேண்டும் என்றிருந்தது. போனில் சொன்னது கணக்கில் வராது. அதைச் சுட்டி வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "சார், இந்த மாதக் கடைசியில் முடியாது. இன்றிலிருந்து இரண்டு மாதம் கழித்துக் காலி செய்கிறேன். ஒப்பந்தக் காலத்துக்கு முன்பே போவதால் லாரிச் செலவு 14,000 ரூபாயை நீங்கள் ஏற்க வேண்டும்." லாரிக்காரர் தந்த கொட்டேஷனையும் இணைத்தேன்.

பணமாகத் தர அவர் தயங்கினார். கடைசி மாத வாடகையில் 14,000-ஐக் கழிக்கலாமா என்றேன். கையிலிருந்து கொடுக்க வேண்டாம் என்றதும் சரி என்றார். புது வீட்டு அட்வான்ஸுக்காகப் பழைய அட்வான்ஸில் பாதியை முன்பே கேட்டேன். மீதி, சாவி தரும் நாளில். எல்லாவற்றுக்கும் அவரிடம் எழுத்தில் "சம்மதம்" வாங்கிய பிறகே புது வீட்டுக்கு டோக்கன் கொடுத்தேன். பெரிய நிம்மதி.