சாம்பிள் ஓகே ஆனதும் ஜி.எஸ்.எம். பாருங்கள்

திருப்பூரில் ஃபிட் சாம்பிளைப் பெரும்பாலும் கையிருப்புத் துணியில்தான் தைப்போம். சிக்கலே அங்கேதான். 180 ஜி.எஸ்.எம். துணிக்கு விலை சொல்லியிருப்போம், சாம்பிள் போனது 200-இல். பையர் தொட்டுப் பார்த்து, "இதே துணி வேண்டும்" என்பார்.

கணக்குப் போடுங்கள். டி-ஷர்ட்டுக்கு 200 கிராம் துணி பிடித்தது இப்போது சுமார் 222 கிராம் ஆகும். 5,000 பீஸுக்கு 110 கிலோ கூடுதல். கிலோ 450 ரூபாய் என்றால் கிட்டத்தட்ட 50,000 ரூபாய் நம் தலையில்.

அதனால் அனுப்பும் முன் ஜி.எஸ்.எம். கட்டரில் ஒரு வட்டம் வெட்டி எடை போடுங்கள். 2 கிராம் வந்தால் 200. அதை டேக்கில் எழுதி, "கையிருப்புத் துணி, அளவுக்கு மட்டும்" என்று சேருங்கள். அதே போல இன்னொரு பீஸ் நம்மிடம் இருக்கட்டும்.

ஓகே மெயில் வந்ததும் எதற்கு ஓகே என்று பாருங்கள். அளவுக்கு மட்டுமா, துணிக்கும் சேர்த்தா? தெளிவில்லை என்றால் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், போனில் சொன்னது போதாது. துணிக்கும் என்றால் புது விலை கொடுத்துவிட்டு, அப்புறம் நூல் வாங்குங்கள். சாம்பிள் சார்ஜை பல்க் பில்லில் கழிப்பதாக இருந்தால், எத்தனை பீஸுக்கு மேல் என்பதையும் அதே மெயிலில் போட்டுவிடலாம்.