கால்நடை மருத்துவமனை இணையதளத்தில் நான் செய்த தவறுகள்

தருமபுரி பக்கம் ஒரு கால்நடை டாக்டருக்கு இணையதளம் செய்து கொடுத்தேன். காலையில் நாய், பூனை பார்ப்பார். மதியத்துக்கு மேல் பைக்கில் ஊர் ஊராகப் போய் மாடு பார்ப்பார். அவர் கேட்டது மூன்றுதான்: அவசர எண், தடுப்பூசி நினைவூட்டல், அப்பாயிண்ட்மென்ட் கேட்கும் படிவம். மூன்றிலும் தவறு செய்தேன்.

அவசர எண்ணை முகப்பில் இருந்த பெரிய படத்துக்குள்ளேயே எழுதி வைத்திருந்தேன். கணினியில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. போனில் அந்தப் படம் சுருங்கிவிடும், எண்ணை அழுத்தினாலும் அழைப்பு போகாது. பென்னாகரம் மலைப்பக்கம் சிக்னல் குறைந்த இடத்தில் படமே வந்து சேராது. எண் எழுத்தாக, எல்லாவற்றுக்கும் மேலே, தொட்டால் அழைப்பு போகும்படி இருக்க வேண்டும்:

```html
<a href="tel:+91XXXXXXXXXX">அவசரமா? டாக்டரை அழைக்க</a>
```

அதைவிடப் பெரிய தவறு, அவசரத்தையும் அதே படிவத்தில் எழுத விட்டது. ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குப் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒருவர் 'மாட்டுக்கு வயிறு உப்பிப்போச்சு, மூச்சு வாங்குது' என்று படிவத்தில் அனுப்பியிருந்தார். நாங்கள் பார்த்தது மறுநாள் காலை ஒன்பதுக்கு. வயிற்று உப்புசம் அவ்வளவு நேரம் பொறுக்காது. அதற்குள் அவர் வேறொரு டாக்டரைப் பிடித்துவிட்டார், மாடு பிழைத்தது. இப்போது படிவத்தின் முதல் கேள்வியே 'உப்புசம், கன்று வெளிவராமல் தவிப்பு, பாம்புக்கடி, விஷம், வலிப்பு இதில் ஏதாவது உண்டா?' என்பதுதான். 'ஆம்' என்றால் படிவம் மறைந்து போன் எண் மட்டும் நிற்கும். டாக்டர் இரவு பத்துக்கு மேல் போன் எடுப்பதில்லை என்பதால் '24 மணி நேரமும்' என்ற வரியை எடுத்துவிட்டோம். அவர் எடுக்கும் நேரத்தைப் போட்டு, கீழே கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-ஐயும் சேர்த்தோம்.

நினைவூட்டலில் நடந்த தவறைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு மாதம் ஆனது. சிலருக்குத் தப்பான மாதத்தில் குறுஞ்செய்தி போகிறது, சிலருக்குப் போகவே இல்லை என்றார் டாக்டர். குட்டி நாய்க்கு முதல் ஊசி போட்டு 21 நாளில் அடுத்தது என்பது அவர் கணக்கு. ஒரு குட்டிக்கு 2025 மார்ச் 5-ல் ஊசி போட்டார்கள். மார்ச் 26-ல் நினைவூட்டல் போக வேண்டும். செய்தி போனதோ மே 24-ல்!

உதவியாளர் நம் வழக்கப்படி 05/03/2025 என்று தட்டியிருந்தார். நான் எழுதிய நிரல் அதை அமெரிக்க முறையில் படித்து, மாதம் 5, தேதி 3 என்று எடுத்துக்கொண்டது. 18/03/2025 என்று தட்டினால் 18-வது மாதம் ஏது? கணக்கே வராமல், பிழை என்றும் சொல்லாமல், அந்த நினைவூட்டல் காணாமல் போனது. ஆக 12-க்குள் இருக்கும் தேதிகளில் பெரும்பாலானவை மாதம் மாறும், 13-லிருந்து மேலே உள்ளவை மறைந்தே போகும். உங்கள் தளத்திலும் புகார் இப்படி இரண்டு விதமாக வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். தட்ட விடாமல் நாட்காட்டியிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்து, 2025-03-05 என்ற வடிவிலேயே சேமித்தால் இந்தக் குழப்பம் வராது.

```html
<input type="date" name="vaccine_date" required>
```

இன்னொன்று. முதல் ஊசி அன்றே எல்லா ஊசிக்கும் தேதி போட்டு வைத்திருந்தேன். இரண்டாவதற்கு ஒரு வாரம் தாமதமாக வந்தால் மூன்றாவதும் தள்ளிப்போக வேண்டும் இல்லையா? இப்போது கடைசியாக உண்மையில் ஊசி போட்ட நாளிலிருந்துதான் அடுத்த ஒரு தேதியை மட்டும் கணக்கிடுகிறது.

படிவத்தில் மின்னஞ்சல் கட்டாயம் என்று வைத்ததைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாடு வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். போன் எண், ஊர், என்ன பிராணி, என்ன தொந்தரவு, இவை போதும். ஆனால் அனுப்பியதும் 'உங்கள் அப்பாயிண்ட்மென்ட் பதிவானது' என்று காட்டியது நிஜமான வம்பு. அரூரிலிருந்து ஒருவர் ஆட்டோ பிடித்து நாயோடு வந்து நின்றார். டாக்டர் எங்கோ கன்று எடுக்கப் போயிருந்தார். அதன் பிறகு வரியை மாற்றினோம்: 'உங்கள் கோரிக்கை வந்துவிட்டது. நாங்கள் போனில் நேரம் சொன்ன பிறகு புறப்படுங்கள்.'

அப்புறம், பதிவேட்டில் 'நினைவூட்டலை நிறுத்து' என்று ஒரு பொத்தான் வேண்டும். அதை நான் வைக்கவில்லை. ஒரு வீட்டில் நாய் செத்து இரண்டு மாதம் கழித்து, 'டாமிக்கு ஊசி போடும் நாள் வந்துவிட்டது' என்று செய்தி போனது. அந்த அம்மா திட்டவில்லை. "டாமி இல்லப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பொத்தானை அன்று மாலையே வைத்துவிட்டேன்.