எல்லாரும் முழு வாக்கியத்தில் பேசும் கதை: உரையாடலைத் திருத்தும்போது வரும் தவறுகள்

சேலத்தில் நாங்கள் நாலைந்து பேர் மாதம் ஒருமுறை கூடி, எழுதிய கதைகளை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவோம். போன முறை நண்பர் ஒருவர் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையை வைத்து ஒரு கதை கொண்டுவந்தார். கொலுசு வேலை செய்யும் முருகன், மகளின் காலேஜ் ஃபீஸுக்காக முதலாளியிடம் அட்வான்ஸ் கேட்கிறான். பட்டறையின் சூடு, தராசு, மெருகுக்குப் போகக் காத்திருக்கும் கொலுசுகள் எல்லாம் கண்ணில் நின்றன. ஆனால் ஆட்கள் வாயைத் திறந்ததும் கதை படுத்துவிட்டது. பேச்சு இப்படி இருந்தது:

"அண்ணா, என் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். அதனால் எனக்குப் பத்தாயிரம் ரூபாய் முன்பணம் தர முடியுமா?"

"முருகா, நீ ஆடிப் பண்டிகைக்கு வாங்கிய பணத்தையே இன்னும் கழிக்கவில்லை. இப்போது மறுபடியும் எப்படிக் கொடுப்பது?"

"அண்ணா, நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் வெள்ளிக்கிழமை கடைசி நாள். எனக்கு வேறு வழி இல்லை."

"சரி முருகா, நான் யோசித்துச் சொல்கிறேன்."

பேச்சு செயற்கையாக இருக்கிறது என்று சொன்னதும் நண்பர் அங்கேயே பேனாவை எடுத்தார். 'கட்ட வேண்டும்' என்பதை 'கட்டணும்' ஆக்கினார். 'கட்டணம்' 'ஃபீஸ்' ஆனது, 'அதனால்' 'அதனால' ஆனது. திருத்தும்போது பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். "அண்ணா, என் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும், அதனால எனக்குப் பத்தாயிரம் ரூபா அட்வான்ஸ் தர முடியுமா?" என்று படித்துப் பாருங்கள். எழுத்துதான் மாறியிருக்கிறது. வாக்கியம் இன்னமும் விண்ணப்பக் கடிதத்தின் வாக்கியமாகவே இருக்கிறது. கேட்க வெட்கப்படும் ஒரு மனுஷன் காரணம், தொகை, வேண்டுகோள் மூன்றையும் இப்படி வரிசையாக அடுக்கிச் சொல்ல மாட்டான்.

அடுத்த தவறு, 'நான்', 'நீ', 'எனக்கு' எல்லாவற்றையும் விடாமல் எழுதுவது. தமிழில் வினைச்சொல்லே ஆளைச் சொல்லிவிடும். 'போறேன்' என்றால் போவது யார் என்று கேட்க வேண்டியதில்லை. 'நான் போறேன்' என்று ஒருவர் சொன்னால் அதில் வேறு ஏதோ இருக்கிறது: நீ வேண்டாம், நான் போறேன், அல்லது இனி இங்கே இருக்க முடியாது, நான் போறேன். எல்லா வரியிலும் 'நான்' போட்டுவிட்டால், அந்த அழுத்தம் தேவைப்படும் இடத்தில் அதற்குச் சக்தி இருக்காது. கூப்பிடும் பெயருக்கும் இதே கதைதான். எதிரில் நிற்பவனை வரிக்கு வரி 'முருகா' என்று யாரும் கூப்பிடுவதில்லை. மறுக்கும்போது கூப்பிடுவார்கள், அல்லது கொஞ்சம் இரங்கும்போது.

'ஆனால்', 'ஏனென்றால்', 'எனவே' போன்ற சொற்களை அடித்தாலே பாதி இறுக்கம் போய்விடும். பேசும்போது காரணத்தையும் விளைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறோம். கேட்பவர் சேர்த்துக்கொள்கிறார்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. அது ஒரு வரியில் தெரியாது, காட்சி முழுக்கப் பரவிக் கிடக்கும். கேட்ட கேள்விக்கு ஒவ்வொருவரும் நேராகப் பதில் சொல்கிறார்கள். உங்கள் கதையிலும் இது இருக்கிறதா என்று பார்க்க, முந்தின வரிக்கு நேர் பதிலாக வரும் வரிகளை எல்லாம் பென்சிலால் கோடிடுங்கள். எல்லா வரியிலும் கோடு விழுந்தால் அங்கே பேச்சு நடக்கவில்லை, விவரம் கைமாறுகிறது. பணம் கேட்கப்போகிறான் என்று தெரிந்த முதலாளி அதைப் பற்றிப் பேசவே மாட்டார். வேலையைப் பற்றிப் பேசுவார். அவனுக்குப் பிடி கொடுக்காத இடமாகத் தேடி நிற்பார்.

சரி, அப்படியானால் ஃபீஸ், பத்தாயிரம், வெள்ளிக்கிழமை என்ற விவரமெல்லாம் வாசகருக்கு எப்படிப் போய்ச்சேரும்? இங்கேதான் நண்பர் வெகுநேரம் மாட்டிக்கொண்டார். பேசித் தீர்த்த வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முருகன் காலையில் டவுன் பஸ்ஸில் வரும்போது கேட்க வேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறான்: "அண்ணா, பாப்பாவுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும், வெள்ளிக்கிழமை கடைசி, ஒரு பத்தாயிரம் குடுத்தீங்கன்னா மாசம் ஆயிரமாப் புடிச்சுக்கலாம்." இது முழு வாக்கியம்தான், ஆனால் இங்கே பொருந்துகிறது, ஏனென்றால் ஒத்திகை பார்த்த பேச்சு அப்படித்தான் ஒழுங்காக இருக்கும். பட்டறைக்குள் போனதும் அந்த வாக்கியம் உடைகிறது:

"அண்ணா, வெள்ளிக்கிழமை கடைசி."

முதலாளி தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எத்தனை ஜோடி இது?"

"எட்டுங்ணா. பாப்பாவுக்குக் காலேஜ்ல—"

"ஏழுதான் இருக்கு."

"ஒண்ணு மெருகுக்குப் போயிருக்குங்ணா."

அவர் ஏழையும் ஒருமுறை எண்ணினார். "ஆடிக்கு வாங்குனதே நிக்குது முருகா."

"தெரியுங்ணா."

"தெரியுதில்ல."

தட்டில் இருந்த கொலுசுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வைத்தார். "எவ்ளோ?"

"பத்து."

பழைய வடிவத்தில் பணம் முதல் வரியிலேயே வந்துவிட்டது. இதில் கடைசியில், ஒற்றைச் சொல்லாக வருகிறது. நடுவில் பேச்சு கோர்வையில்லாமல் கொலுசுக் கணக்குக்குப் போய்விடுவதும் இதற்கு உதவுகிறது. பெயரை ஒரே ஒரு முறை கூப்பிடுகிறார், அதுவும் மறுக்கும் இடத்தில். 'தெரியுங்ணா', 'தெரியுதில்ல' என்ற இரண்டும் ஒரே சொல்லிலிருந்து வந்தவை. ஆனால் ஒன்றில் அவமானம் இருக்கிறது, இன்னொன்றில் அதிகாரம் இருக்கிறது.

இந்த வடிவத்தைப் பார்த்ததும் நண்பருக்கு உற்சாகம் வந்து, மற்ற காட்சிகளிலும் பேச்சை வெட்டி வெட்டிப் போட்டார். வரிக்கு வரி மூன்று புள்ளிகள். அதுவும் சரியாக வராது. எல்லாரும் ஒரே மாதிரி முழுசாகப் பேசுவது எப்படி ஒரு குறையோ, எல்லாரும் ஒரே மாதிரி துண்டு துண்டாகப் பேசுவதும் அதே குறைதான். முருகன் சொல்ல ஆரம்பித்து முடிக்க மாட்டான். முதலாளி முடிப்பார், ஆனால் வேறு விஷயத்தை. முருகனின் மகள் பள்ளியில் பேச்சுப்போட்டிக்குப் போனவள். அவள் கோபப்பட்டால் முழு வாக்கியத்தில்தான் பேசுவாள், அப்போது அது குத்தும். மூன்று புள்ளியைக் குரல் உண்மையிலேயே தேயும் இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மற்றவர் குறுக்கே விழுந்தால் மேலே போட்டது போல ஒரு கோடு போதும்.

வட்டார வழக்கிலும் அளவு வேண்டும். சேலத்துப் பேச்சு என்று காட்ட 'ங்ணா' ஒன்றே இந்தக் காட்சியில் போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு ஒலியையும் காதில் விழுந்தபடி எழுதினால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிப்பார், காட்சி கைவிட்டுப் போகும்.

காதைப் பழக்க நான் செய்வது ஒன்றுண்டு. ஏற்காடு பஸ்ஸில் அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள், பக்கத்து சீட்டில் கேட்கும் பேச்சில் பத்து வரியை மனசில் பிடித்துக்கொண்டு, இறங்கியதும் எழுதிவிடுவேன். ஆனால் அதை அப்படியே கதையில் வைப்பதில்லை. நிஜப் பேச்சில் சொன்னதையே சொல்வது மிக அதிகம்; எழுத்தில் அது அலுப்பாகிவிடும். அந்தப் பத்து வரியில் எது விடுபட்டிருக்கிறது, எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று மட்டும் பார்ப்பேன்.

நண்பரின் கதை முதலில், "முதலாளி பணம் தருவதாக ஒப்புக்கொண்டார் அம்மா" என்று முருகன் மகளிடம் சொல்வதோடு முடிந்திருந்தது. இப்போது ராத்திரி அவன் வீட்டுக்குள் நுழைகிறான். மகள் வாசலிலேயே நிற்கிறாள்.

"குடுத்தாங்களா?"

"சாப்ட்டியா நீ?"