முத்திரை மேல் முத்திரை: தாத்தாவின் பாஸ்போர்ட்டைத் தமிழாக்கியபோது கற்றது

தாத்தா பினாங்குக்கு எப்போது போனார் என்று அத்தைக்குத் தெரிந்துகொள்ள வேண்டும். அவருக்கு ஆங்கிலம் வராது. பாஸ்போர்ட் முழுவதையும் தமிழாக்கித் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். அச்சிட்ட பக்கங்கள் ஒரே மாலையில் முடிந்தன. முத்திரைகள் குத்திய 14ஆம் பக்கம் மட்டும் இரண்டு வாரம் இழுத்தது. இதே வேலையில் இறங்குபவர்களுக்கு நான் செய்த வரிசையைச் சொல்கிறேன்.

1. ஸ்கேன்

கைபேசிப் படம் வேண்டாம். ஸ்கேனரில் கலரில், 600 dpi-யில், TIFF ஆக எடுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அடுத்த படிக்கு வழியே இல்லை. பழைய தாள் மெல்லியது, பின்பக்க மை முன்னால் தெரியும். பக்கத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்து எடுத்தால் அது பெருமளவு மங்கிவிடும்.

2. நிறத்தைப் பிரித்தல்

என் பக்கத்தில் கறுப்பு மையில் குத்திய தேதி. அதன் மேல் ஊதா வட்ட முத்திரை. ஊதா மை நீல ஒளியைத் திருப்பி அனுப்புவது, அதனால் படத்தின் நீல ஒளியை மட்டும் காட்டும் நீலச் சானலில் வெளிறிப்போகும். கறுப்பு எந்தச் சானலிலும் கறுப்புதான். சிவப்பு முத்திரையாக இருந்தால் சிவப்புச் சானலைப் பாருங்கள்.

```
magick p14.tif -channel B -separate p14_blue.png
```

GIMP-இல் Colors > Components > Decompose இதையே செய்யும். எனக்குப் பிடித்தது மேலே உள்ள கட்டளையை இயக்கும் ImageMagick மென்பொருள். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே கட்டளை போதும். ஆனால் இரண்டு முத்திரையும் ஒரே நிற மையாக இருந்தால் இந்த வழி உதவாது. அப்போது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ்தான்.

3. தெரிவதை மட்டும் எழுதுதல்

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். நீலச் சானலில் வட்டம் மங்கியதும் ஆண்டு தெரிந்தது: 195, அப்புறம் ஓர் எண்ணின் வலது பாதி. இடது பாதி இருந்த இடத்தில் தாள் உரிந்திருந்தது. வலது பாதியை மட்டும் பார்த்தால் 3-க்கும் 8-க்கும் வித்தியாசமே இல்லை. வீட்டில் எல்லோரும் 1953 என்றுதான் சொல்வார்கள், நானும் 1953 என்று எழுதிவிட்டேன்.

மறுநாள் புதுப்பித்தல் பக்கத்தைத் தமிழாக்கும்போது உறைத்தது. பாஸ்போர்ட் கொடுத்தது 1952, புதுப்பித்தது 1957. ஆக இரண்டு ஆண்டுமே சாத்தியம். அப்பா பிறந்தது 1954. அந்த ஓர் எண் மாறினால் அப்பா பிறந்தபோது தாத்தா எங்கே இருந்தார் என்பதே மாறிப்போகும். அதை முடிவு செய்ய எனக்கு என்ன உரிமை? அழித்துவிட்டு இப்படி எழுதினேன்:

> [வட்ட முத்திரை, ஊதா: "குடிவரவு, (…)ங்கு", ஊர்ப்பெயரின் முற்பகுதி பதியவில்லை]
> [தேதி முத்திரை, கறுப்பு, வட்ட முத்திரைக்கு அடியில்: 11 மார்ச் 195(?)]
> [கையொப்பம்: வாசிக்க இயலவில்லை]
>
> மொழிபெயர்ப்பாளர் குறிப்பு: ஆண்டின் கடைசி இலக்கம் 3 அல்லது 8. தாள் உரிந்துள்ளது. ஊர் பினாங்காக இருக்கலாம். 16ஆம் பக்கத்தில் இதே வடிவ முத்திரையில் பெயர் முழுமையாக உள்ளது.

சதுர அடைப்புக்குள் இருப்பது தாளில் கண்ணுக்குத் தெரிவது. என் ஊகம் குறிப்புக்குள் மட்டும், அதுவும் காரணத்தோடு. "தெளிவில்லை" என்று மொத்தமாக எழுதிவிட்டுப் போகாதீர்கள். எத்தனை எழுத்து போயிற்று, ஏன் போயிற்று (மை படியவில்லையா, தாள் உரிந்ததா, மேலே வேறு முத்திரையா) என்று எழுதினால், பின்னால் மூலத்தைப் பார்ப்பவர் எங்கே தேடுவது என்று தெரிந்துகொள்வார்.

பக்க வரிசையை வைத்துத் தேதியை ஊகிக்கவும் வேண்டாம். அதிகாரிகள் திறந்த பக்கத்தில் குத்தியிருக்கிறார்கள். என் கையில் உள்ளதில் 1959 முத்திரை 9ஆம் பக்கத்தில் இருக்கிறது.

பின்சேர்க்கை

ஒரு வாசகர் கேட்டார்: "எதிர்ப்பக்கத்தைப் பார்த்தீர்களா?" பார்க்கவில்லை. ஈரம் காயுமுன் புத்தகத்தை மூடினால் மை எதிர்ப்பக்கத்தில் தலைகீழாக இல்லாமல், கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறி ஒட்டியிருக்கும். 15ஆம் பக்கத்தில் நான் அழுக்கு என்று விட்டிருந்த கறை அதுதான். திருப்பிப் பார்க்க:

```
magick p15.tif -flop p15_flip.png
```

நாள் 11 இல்லை, 17. இரண்டாம் எண்ணுக்கு மேலே 7-இன் கிடைக்கோடு மெலிதாக ஒட்டியிருந்தது. 14ஆம் பக்கத்தில் அந்தக் கோடு முத்திரை வளையத்தோடு கலந்துபோயிருந்தது. "தேதி 15ஆம் பக்கப் படிவிலிருந்து வாசிக்கப்பட்டது" என்று குறிப்பில் சேர்த்துத் திருத்தினேன். ஆண்டு இருந்த இடத்தில் எதிர்ப்பக்கத்திலும் மை ஒட்டவில்லை. அத்தைக்குக் கொடுத்த பிரதியில் அது இன்னும் 195(?) என்றுதான் இருக்கிறது.