கரண்ட் போன ராத்திரியில் எருமை கன்று போட்டால்: எங்கள் கொட்டாயில் செய்தது, நீங்கள் செய்ய வேண்டியது

பென்னாகரம் பக்கம் காட்டுக்குள்ள வீடு. ஐப்பசி மழை, இடியோடு காற்று, ராத்திரி 8:40க்குக் கரண்ட் போனது. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா மட்டும் தட்டை வைத்துவிட்டு, "கொட்டாய்ல சத்தம் கேக்குது, எருமை எந்திரிச்சு எந்திரிச்சுப் படுக்குது பாரு" என்றார். முதல் தடவை எருமை வாங்கி வளர்ப்பவர்கள் இப்படி ஒரு ராத்திரியை எப்படியும் சந்திப்பீர்கள், அதனால் நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. இன்றைக்குத்தானா என்று பாருங்கள்

எருமைக்குச் சினை சுமார் 10 மாதம் 10 நாள். பசுவின் கணக்கை வைத்துப் பார்த்தால் ஒரு மாதம் முன்னாலேயே பயந்துகொண்டிருப்பீர்கள். சினை ஊசி போட்ட தேதி எங்கள் நாட்காட்டியில் இருந்தது, 307 நாள் ஆகியிருந்தது. வால் அடியின் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தேன், நேற்றுவரை விறைப்பாக இருந்த இடம் குழி விழுந்து தொளதொளவென்று இருந்தது. மடி இறுகி, காம்புகள் பருத்திருந்தன. வாலைத் தூக்கித் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் விட்டது. சரி, இன்றைக்குத்தான்.

இந்த முதல் கட்டம் பல மணி நேரம் ஓடும். இதில் உங்களுக்குக் கை வேலை எதுவும் இல்லை, கூட்டம் போடாமல் தள்ளி நிற்பதுதான் வேலை. ஆள் சுற்றி நின்றால் எருமை முக்குவதை நிறுத்திவிடும்.

2. கிடைத்த நேரத்தில் தண்ணீர், வெளிச்சம், இடம்

கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, இதுதான் முதல் சிக்கல். தொட்டியில் இருந்ததைத் தம்பி இரண்டு குடத்தில் பிடித்து வைத்தான், அண்ணி விறகடுப்பில் ஒரு பானை தண்ணீர் காய்ச்சினார், அதிலேயே தடித்த நூலையும் புது பிளேடையும் போட்டுக் கொதிக்க வைத்தோம்.

வெளிச்சத்துக்கு மண்ணெண்ணெய் விளக்கு, மெழுகுவர்த்தி இரண்டையும் கொட்டாய்க்குள் கொண்டுபோகாதீர்கள். கீழே வைக்கோல், மேலே கூரை, நடுவில் எருமை துள்ளினால் என்ன ஆகும் என்று நானே சொல்ல வேண்டியதில்லை. எங்களிடம் ஒரு டார்ச்சும் இரண்டு செல்போனும் இருந்தன. ஒரு போனை விளக்காக வைத்துக்கொண்டு, இன்னொன்றை டாக்டருக்குப் பேசுவதற்கென்று தொடாமல் வைத்தோம். டார்ச்சை எருமையின் முகத்தில் அடிக்காமல் பின்பக்கம் தரையில் படும்படி வையுங்கள்.

எருமை சுவரை ஒட்டிப் பின்புறத்தை வைத்துப் படுத்திருந்தது. கன்று வெளியே வர இடமே இல்லை. எழுப்பித் திருப்பி, பின்னால் ஐந்தடி இடம் விட்டு, உலர்ந்த ராகித் தாளைப் பரப்பி, கயிற்றை நீளமாக விட்டுக் கட்டினோம்.

3. பனிக்குடம் உடைந்த பிறகு நேரம் பாருங்கள், கையால் பாருங்கள்

11:20க்குப் பனிக்குடம் உடைந்தது. அந்த நேரத்தைக் கரித்துண்டால் சுவரில் எழுதினேன், இருட்டில் பதற்றத்தில் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகத் தெரியும். குடம் உடைந்து ஒரு மணி நேரம் ஆகியும் குளம்பு தெரியவில்லை என்றாலோ, குளம்பு தெரிந்து நன்றாக முக்கியும் அரை மணி நேரம் நகரவில்லை என்றாலோ டாக்டரைக் கூப்பிட வேண்டியதுதான். தெரிந்த கால்நடை மருத்துவர் எண்ணோடு, கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962-ஐயும் முன்கூட்டியே போனில் ஏற்றி வையுங்கள்.

11:45க்கு ஒரு குளம்பு மட்டும் தெரிந்தது. தம்பி, "ஒரு கால்தான் வருது, இன்னொண்ணு மடிஞ்சிருக்கு" என்று பதறினான். டார்ச் வெளிச்சத்தில் சளியும் ரத்தமும்தான் மின்னியது, கண்ணால் எதுவும் முடிவு செய்ய முடியவில்லை. மோதிரத்தைக் கழற்றி, நகம் வெட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உள்ளே மெதுவாகத் தடவினேன். இரண்டாவது குளம்பு நான்கு விரல் பின்னால் இருந்தது. ஒரு கால் கொஞ்சம் முந்தி வருவது இயல்புதான், தோள் குறுகி வருவதற்கு அது நல்லதும்கூட.

இருட்டில் முன்னங்காலா பின்னங்காலா என்று கண்டுபிடிக்க இதைப் பழகிக்கொள்ளுங்கள். குளம்பிலிருந்து மேலே போனால் இரண்டு மூட்டு தட்டுப்படும். இரண்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால், எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால். எனக்கு ஒரே பக்கம் மடங்கியது, உள்ளங்குளம்பு தரையைப் பார்த்திருந்தது, அதன்மேல் ஈரமான மூக்கும் தட்டுப்பட்டது. குளம்பின் பிளவுக்குள் லேசாகக் கிள்ளினேன், வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. கன்றுக்கு உயிர் இருக்கிறது. அந்த ஒரு இழுப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

கால் இருந்து தலை இல்லை, தலை இருந்து கால் இல்லை, பின்னங்கால், வால் மட்டும், இதில் எது தட்டுப்பட்டாலும் புதியவர்கள் இழுக்கவே கூடாது. கையை எடுத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். தவறான நிலையில் இழுத்தால் கர்ப்பப்பை கிழியும்.

4. இழுப்பதென்றால் இப்படி

நெற்றி வரை வந்து நின்றுவிட்டது. 12:15. நானும் தம்பியும் ஆளுக்கு ஒரு காலைச் சுத்தமான துணியால் பிடித்தோம். எருமை முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும், அது ஓய்ந்தால் நாமும் ஓய வேண்டும். தலை வரும்வரை நேராக, முதலில் ஒரு கால், அப்புறம் மறுகால் என்று மாற்றி மாற்றி. தலை வந்த பிறகு மடியைப் பார்த்துக் கீழ்நோக்கி. இரண்டு பேர் பலம் போதவில்லை என்றால் அது பலம் சேர்க்க வேண்டிய விஷயமே இல்லை, டாக்டர் வேலை. 12:30க்குக் கன்று விழுந்தது. கிடேரி.

5. விழுந்தவுடன் கன்று

மூக்கையும் வாயையும் துடைத்துச் சளியை எடுத்தேன். மூச்சு சரியாக வரவில்லை, ஒரு வைக்கோலை மூக்குக்குள் விட்டுக் கிண்டியதும் தும்மியது. அம்மா சாக்கால் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், மழைக்குளிரில் ஈரத்தோடு விட்டால் கன்று விறைத்துவிடும். பிறகு தாயின் முன்னால் போட்டோம், அது நக்கத் தொடங்கியது. தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுக் கொதித்த நூலால் கட்டி, அதற்குக் கீழே வெட்டி, டிஞ்சர் அயோடின் வைத்தோம்.

இதற்கு அப்புறம்தான் வீட்டில் சண்டை. பக்கத்துக் காட்டுப் பெரியப்பா வந்து, "நஞ்சுக்கொடி விழாம சீம்பால் குடுக்காதப்பா" என்றார். எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வது இதுதான், ஆனால் தவறு. கன்று நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமல்தான் பிறக்கிறது, அதைச் சீம்பாலில் இருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும், அதன் குடல் அதை உறிஞ்சும் திறன் மணிக்கு மணி குறைந்து ஒரு நாளில் ஏறக்குறைய நின்றுவிடும். பெரியப்பாவிடம் இதைச் சொல்லி, "கண்ணு ஊட்டினாத்தான் நஞ்சும் சீக்கிரம் விழும் பெரியப்பா" என்றேன். ஊட்டும்போது கர்ப்பப்பை சுருங்குகிறது, அதனால்தான். காம்பைக் கழுவி, முதல் பீச்சலைத் தரையில் விட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டவிட்டோம். 30 கிலோ கன்றுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர், மூன்று நான்கு தடவையாக.

எருமைக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் வெல்லம் கரைத்துக் கொடுத்தோம், ஒரு குண்டான் முழுக்கக் குடித்தது. முதல் நாள் மடியை ஒட்டக் கறக்காதீர்கள், திடீரென்று சுண்ணாம்புச் சத்து குறைந்து எருமை எழ முடியாமல் படுத்துவிடலாம். காது சில்லென்று ஆகி, கழுத்தை மடித்துப் படுத்தால் உடனே டாக்டர்.

6. நஞ்சு

12 மணி நேரம் வரை பொறுக்கலாம். தொங்குகிறதே என்று இழுக்கவோ கல் கட்டவோ வேண்டாம், கொஞ்சம் உள்ளே அறுந்து தங்கினால் அழுகிக் காய்ச்சல் வரும். எருமை அதைத் தின்றுவிடாமல் மாறி மாறிக் காவல் இருந்தோம். காலை 5:30க்கு விழுந்தது, கிழிசல் இல்லாமல் முழுதாக இருக்கிறதா என்று விரித்துப் பார்த்தேன். நாய் தோண்டாத ஆழத்தில் தம்பி புளியமரத்தடியில் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது கொட்டாயில் பல்பு எரிந்தது. அம்மா போய் அணைத்துவிட்டு வந்தார், கன்று தூங்குகிறதாம்.