ரேட் அலர்ட் வைக்கும்போது எங்கே தவறுகிறோம்?

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் பலர் போனில் ரேட் அலர்ட் வைத்துக்கொள்கிறார்கள். நாணய மாற்று விகிதம் குறித்துவைத்த எண்ணைத் தாண்டினால் செய்தி வரும், உடனே ஊருக்குப் பணம் அனுப்பிவிடலாம். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போதே பெரும்பாலும் தவறு நடந்துவிடுகிறது.

இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படும் ரேட், வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலைகளின் நடுப்புள்ளி. பணம் அனுப்பும் நிறுவனங்கள் பெரும்பாலும் அதிலிருந்து கொஞ்சம் குறைத்துத்தான் தரும். தனியாகக் கட்டணமும் இருக்கலாம். ‘கட்டணமே இல்லை’ என்று விளம்பரம் செய்யும் இடத்தில், ரேட்டில் எவ்வளவு குறைத்திருக்கிறார்கள் என்று கட்டாயம் பாருங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அங்கே சம்பாதித்த பணம் 2,000 கையில் இருக்கிறது. கடன் தவணைக்கு ஊரில் 45,000 போய்ச் சேர வேண்டும். இணைய ரேட் 23.00 வந்தால் போதும் என்று அலர்ட் வைக்கிறீர்கள். 2,000-ஐ 23-ஆல் பெருக்கினால் 46,000 வருகிறதே! ஆனால் அனுப்பும் நிறுவனம் ரேட்டில் 1.5 சதவீதம் குறைக்கிறது, கட்டணம் 15 பிடிக்கிறது. அப்படியானால் மாற்றப்படுவது 1,985, கிடைக்கும் ரேட் 22.655. ஊரில் விழுவது சுமார் 44,970. தவணைக்கு முப்பது குறைகிறது.

கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். 45,000-ஐ 1,985-ஆல் வகுத்தால் 22.67. அதை 0.985-ஆல் வகுத்தால் 23.015. ஆக, அலர்ட் வைக்க வேண்டிய எண் 23.02. அந்த 1.5 சதவீதத்தை எங்கிருந்து எடுப்பது? சில நாட்கள், ஒரே நேரத்தில் இணைய ரேட்டையும் நிறுவனத்தின் ரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால் தெரிந்துவிடும். நீங்கள் அனுப்பும் நிறுவனமே தன் செயலியில் அலர்ட் தருகிறது என்றால், அது எந்த ரேட்டை வைத்துச் சொல்கிறது என்று பாருங்கள். அவர்கள் தரும் ரேட்டையே பார்க்கிறது என்றால் இரண்டாவது வகுத்தல் தேவையில்லை, 22.68 வைத்தால் போதும்.

அடுத்த தவறு, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ரேட்டைப் பார்க்கும் அலர்ட்டைத் தாங்களே அமைத்துக்கொள்பவர்கள் செய்வது. ‘23.02-க்கு மேல் இருந்தால் செய்தி அனுப்பு’ என்று மட்டும் எழுதிவிடுவார்கள். ரேட் நாள் முழுக்க 23.05-இல் நின்றால் மணிக்கொரு செய்தி வரும். 23.01, 23.03, 23.01 என்று ஊசலாடினாலும் இதே தொல்லைதான். இரண்டு நாளில் அலர்ட்டை மியூட் செய்துவிடுவார்கள், அதோடு அதன் வேலை முடிந்தது. முந்தைய முறை கீழே இருந்து இப்போது மேலே வந்தால் மட்டும் ஒரு செய்தி வரட்டும். அப்புறம் ரேட் 22.92 போல நன்றாகக் கீழே இறங்கிய பிறகே அடுத்த செய்திக்குத் தயாராகட்டும்.

எவ்வளவு அடிக்கடி பார்ப்பது என்பதும் ரேட் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. இலவசமாக ரேட் தரும் சில சேவைகள் ஐரோப்பிய மத்திய வங்கியின் குறிப்பு விகிதத்தை எடுத்துத் தருகின்றன. அது வேலை நாட்களில் ஒரு நாளைக்கு ஒருமுறைதான் வெளிவரும். அதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டாலும் அதே எண்தான். சனி, ஞாயிறு சந்தை மூடியிருக்கும்போது திரையில் நிற்பது பெரும்பாலும் வெள்ளிக்கிழமை ரேட். அதை நம்பி ஞாயிறு காலை அனுப்பப் போனால், திங்கள் என்ன ஆகுமோ என்று சில நிறுவனங்கள் இன்னும் கொஞ்சம் குறைத்துக் காட்டும். அதனால் அலர்ட் செய்தியில் ரேட்டோடு அது எந்த நேரத்து ரேட் என்பதும் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை, எண்ணைத் தாண்டாவிட்டாலும், ‘இன்றைய ரேட் இது’ என்று ஒரு செய்தி வரும்படி வையுங்கள். அது வரவில்லை என்றால் அலர்ட் எங்கோ நின்றுபோயிருக்கிறது.

கடைசியாக, கெடு வைக்காமல் காத்திருப்பது. மேலே உள்ள கணக்கில் ரேட் 0.10 கூடினால் ஊரில் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 195. தவணை தவறினால் வங்கி பிடிக்கும் அபராதம் அதைவிடப் பெரிதாக இருந்தால் காத்திருப்பதில் லாபமே இல்லை. தவணை 10-ஆம் தேதி, பணம் போய்ச் சேர இரண்டு வேலை நாள் ஆகும் என்றால், 6-ஆம் தேதிக்கு ரேட்டைப் பார்க்காத இன்னொரு அலர்ட் வையுங்கள். இடையில் சனி ஞாயிறு வந்தால் அந்தத் தேதியை இன்னும் முன்கூட்டியே வையுங்கள். அன்று என்ன ரேட் இருந்தாலும் அனுப்பிவிட வேண்டியதுதான். 45,000-க்குக் குறைகிறது என்றால் 2,000-க்கு மேல் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று பார்க்கவும் அப்போது நேரம் இருக்கும்.