பெயர்ப் பலகையிலும் விசிட்டிங் கார்டிலும் என்ன எழுதுவது? ஒரு சாவிக் கடையை வைத்துப் பார்ப்போம்

பலகையைப் பார்க்கிறவருக்குக் கடை எங்கே இருக்கிறது என்று தெரியும், அதன் எதிரில்தான் போய்க்கொண்டிருக்கிறார். உள்ளே என்ன கிடைக்கும் என்பது தெரியாது. கார்டை எடுத்துப் பார்க்கிறவருக்கு என்ன வேலை ஆக வேண்டும் என்பது தெரியும். யாரைக் கூப்பிடுவது, எப்படிப் போவது என்பதுதான் தெரியாது. பலகையில் இருப்பதையே சுருக்கிக் கார்டில் போட்டால் இரண்டு பேருக்கும் பயன்படாமல் போவது இதனால்தான்.

மாற்றுச் சாவி போட்டுக் கொடுக்கும், பூட்டு பழுது பார்க்கும் ஒரு சிறிய கடையை எடுத்துக்கொள்வோம். பலகைக்கு முதலில் எழுதி வைத்திருப்பது இப்படி: மேலே பெரிதாகக் கடைப் பெயர், அதன் வாலில் 'என்டர்பிரைசஸ்'. அதன் கீழே 'உங்கள் பாதுகாப்பே எங்கள் லட்சியம்'. அப்புறம் 'இங்கு அனைத்து விதமான பூட்டு, சாவி சம்பந்தப்பட்ட வேலைகளும் சிறந்த முறையில் செய்து தரப்படும்'. பிறகு முழு முகவரி, உரிமையாளர் பெயர், மூன்று போன் எண்கள்.

முதலில் ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள்

எழுத உட்காரும் முன், கடைக்கு வருகிறவர்களும் போனில் கேட்கிறவர்களும் சொல்லும் முதல் வாக்கியத்தை அப்படியே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். 'டூப்ளிகேட் சாவி போடுவீங்களா?', 'உள்ளே சாவியை வச்சிட்டுக் கதவைச் சாத்திட்டேன், வர முடியுமா?', 'கார் சாவி செய்வீங்களா?' என்று வரும். பலகைக்கான சொற்கள் இதில் கிடைத்துவிடும். 'சம்பந்தப்பட்ட வேலைகள்' என்று கேட்டு யாரும் வரமாட்டார்கள். 'அனைத்து விதமான' என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கார் சாவி செய்யாத கடையாக இருந்தால், அதை நம்பி வருகிறவரைத் தினமும் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

அதிகம் கேட்கப்பட்ட இரண்டு, மூன்று விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் கடைக்கு அவை டூப்ளிகேட் சாவி, பூட்டு ரிப்பேர், வீட்டுக்கு வந்து பூட்டைத் திறப்பது.

இரண்டு நொடிக்கு எழுதுங்கள்

எழுத்தின் உயரம் ஒரு அங்குலம் இருந்தால் சுமார் 10 அடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம் என்பது பலகை எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. உற்றுப் பார்த்தால் இன்னும் தள்ளி நின்றும் படிக்கலாம், ஆனால் வண்டி ஓட்டுகிறவர் உற்றுப் பார்க்கமாட்டார். 60 அடி தள்ளி வரும்போதே தெரிய வேண்டுமானால் எழுத்து 6 அங்குலம் இருக்க வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் அந்த 60 அடியை இரண்டு நொடிக்குச் சற்று அதிகமான நேரத்தில் கடந்துவிடுவார். அதற்குள் கண்ணில் படுவது நான்கைந்து சொற்கள்தான். அதனால் பெரிய எழுத்தில் இருக்க வேண்டியது என்ன விற்கிறீர்கள் என்பது. பெயருக்கு ஏற்கெனவே ஊரில் பழக்கம் இருந்தால் ஒழிய, அது சிறிய எழுத்தில் மூலையில் இருக்கட்டும்.

10 அடி அகலம், 3 அடி உயரமுள்ள பலகைக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

சாவி, பூட்டு (7 அங்குலம்)
டூப்ளிகேட் சாவி, ரிப்பேர் (4 அங்குலம்)
ஒரே ஒரு போன் எண் (6 அங்குலம்)

லட்சிய வாசகம் போயிற்று. முகவரியும் போயிற்று, பலகைக்கு முன்னால் நிற்கிறவருக்கு அது எதற்கு? கடை மாடியிலோ சந்துக்குள்ளோ இருந்தால் மட்டும் 'மாடியில்' என்று எழுதி ஓர் அம்புக்குறி போடுங்கள், அதை விடவே கூடாது. மூன்று எண்ணில் எப்போதும் எடுக்கப்படும் எண் எதுவோ அது மட்டும் போதும். இலக்கங்களை ஒரே நீளமாக ஓட்டாமல் மூன்றும் நான்குமாக இடைவெளி விட்டு எழுதினால் மனதில் நிற்கும்.

நடைபாதையில் வருகிறவருக்குச் சுவரோடு ஒட்டிய பலகை பக்கவாட்டில்தான் தெரியும், படிக்க முடியாது. அவருக்காகச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பலகை ஒன்று, இரண்டு பக்கமும் 'சாவி' என்ற ஒரே சொல்லோடு இருந்தால் போதும்.

தமிழ் எழுத்துக்கு இடம் விடுங்கள்

நான் சொன்ன உயரம் 'ப', 'ட' போன்ற எழுத்தின் உடலுக்கு. 'வி'யின் மேல்விலங்கு மேலே போகும், 'பூ'வின் வால் கீழே இறங்கும், 'ட்'டின் புள்ளி தலைக்கு மேல் நிற்கும். இதை நினைக்காமல் வரிகளை நெருக்கினால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். வரிகளுக்கிடையில் எழுத்தின் உயரத்தில் பாதியாவது காலியாக விடச் சொல்லுங்கள். தடித்த எழுத்துரு, நிழல், ஓரக்கோடு இதெல்லாம் சேர்ந்தால் முதலில் அடைபடுவது புள்ளியும் சுழியும்தான். வெளிர் பின்னணியில் கறுப்போ கருநீலமோ, எந்த அலங்காரமும் இல்லாமல் இருந்தால் போதும்.

டிசைன் வந்ததும் அதை ஏ4 தாளில் படுக்கைவாக்கில் அச்செடுங்கள். தாளின் நீளப் பக்கம் கிட்டத்தட்ட ஒரு அடி, அதாவது நம் பலகையில் பத்தில் ஒரு பங்கு. சுவரில் ஒட்டிவிட்டு 6 அடி தள்ளி நின்று பார்த்தால், அது 60 அடியிலிருந்து பலகையைப் பார்ப்பதற்குச் சமம். கடையைப் பற்றித் தெரியாத ஒருவரை அங்கே நிறுத்தி, இரண்டு நொடி காட்டிவிட்டு மறைத்து, 'என்ன கடை?' என்று கேளுங்கள். தவறாகச் சொன்னால் இன்னும் ஒரு சொல்லை எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

இனி கார்டு

சாவிக் கடையின் கார்டு எப்போது தேவைப்படும் என்று யோசியுங்கள். இரவு ஒன்பது மணிக்கு, பூட்டிய கதவுக்கு வெளியே, மங்கிய வெளிச்சத்தில். முன்பக்கம் இப்படி இருக்கலாம்:

பூட்டு திறக்க, டூப்ளிகேட் சாவி போட
வீட்டுக்கு வருவோம், இரவு 10 வரை
போன் எண்
கூப்பிட வேண்டியவர் பெயர்

எண் 14 பாயிண்ட் அளவிலும் மற்றவை 9 பாயிண்டுக்குக் குறையாமலும் இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் தமிழின் சுழிகள் அச்சில் ஒட்டிக்கொள்கின்றன. வெட்டும்போது கத்தி சற்று விலகும் என்பதால் ஓரத்தில் 4 மில்லிமீட்டருக்குள் எழுத்தே வேண்டாம்.

முகவரி பின்பக்கம். கதவு எண், தெருவோடு ஓர் அடையாளமும் வேண்டும். நாளைக்கே மாறக்கூடிய இன்னொரு கடையை அடையாளமாகச் சொல்லாதீர்கள். பேருந்து நிறுத்தம், பாலம், பள்ளி மாதிரி நகராத ஒன்றைச் சொல்லி, எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: 'பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில், இடமிருந்து மூன்றாவது கதவு'. வரைபடத்துக்கான கியூஆர் கோடு போடுவதானால் 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை இடம் விட்டுப் போடுங்கள். பின்பக்கத்தில் பாதியைப் பளபளப்புப் பூச்சில்லாமல் காலியாக விட்டால், சாவி எண்ணையோ வரும் நேரத்தையோ பேனாவால் எழுதிக் கொடுக்கலாம்.

கடைசி வேலை, ப்ரூஃப் பார்ப்பது. ஒருமுறை எனக்கு வந்த கார்டுகளில் எண்ணின் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. ப்ரூஃபை மூன்று முறை படித்தும் நான் கவனிக்கவில்லை, தெரிந்த எண்ணைக் கண் சரியாகவே படித்துக்கொள்கிறது. இப்போதெல்லாம் ப்ரூஃபை வேறொருவர் கையில் கொடுத்து, அதைப் பார்த்து அவருடைய போனிலிருந்து எண்ணை அழுத்தச் சொல்கிறேன். என் போன் அடித்த பிறகுதான் அச்சுக்குப் போகச் சொல்கிறேன்.